ஐந்து நிமிடத்துக்குள் அழைத்தால் விற்பனை 21 மடங்கா? லீட் நேரத்தையும் அழைப்புப் பதிவையும் இணைத்துப் பார்த்தால் தெரிவது

"விசாரணை வந்து 5 நிமிடத்துக்குள் அழைத்துவிட்டால் வெற்றி வாய்ப்பு 21 மடங்கு." அழைப்பு மென்பொருள் விற்க வருபவர்களின் சிலைடுகளில் இந்த வரி தவறாமல் இருக்கும். அதைக் கேட்ட முகாமையாளர், அடுத்த நாளே "எல்லா லீட்டையும் 5 நிமிடத்தில் அழைக்க வேண்டும்" என்று உத்தரவு போடுகிறார். இரண்டு மாதம் கழித்து, வேகம் கூடியிருக்கிறது, விற்பனை மட்டும் கொஞ்சம்தான் அசைந்திருக்கிறது. ஏன் என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

பதிலின் பெரும்பகுதி அலுவலகத்திலேயே இருக்கிறது. லீட் வந்த நேரம் ஒரு பட்டியலில், அழைப்பு என்ன ஆனது என்பது இன்னொரு பட்டியலில். இரண்டையும் இணைத்தால் வேகத்தின் உண்மையான பங்கை அளக்கலாம். ஆனால் இணைக்கும் விதத்தில் சின்னப் பிழை இருந்தாலும் முடிவு தலைகீழாகிவிடும்.

## முதலில் நான்கு சொற்கள்

1. லீட்: ஒருவர் தன் எண்ணைத் தந்து விவரம் கேட்டது. இணையத்தளப் படிவம், பேஸ்புக் படிவம், வட்ஸ்அப் என எந்த வழியிலும் வரலாம்.
2. முதல் முயற்சி: அந்த எண்ணுக்கு நாம் முதன்முதலாக அழைத்த நேரம். அவர் எடுத்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை.
3. தொடர்பு: உண்மையில் அவரோடு பேசியது.
4. சேர்க்கை: பணம் கட்டியது. கல்வி நிலையமென்றால் பதிவுக்கட்டணம், வீட்டு மனையென்றால் முற்பணம்.

லீட் வந்த நேரத்துக்கும் முதல் முயற்சிக்கும் இடையிலான இடைவெளியைக் காத்திருப்பு என்று கீழே சொல்கிறேன். இரண்டாவது சொல்லையும் மூன்றாவதையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

## 21 மடங்கு எங்கிருந்து வந்தது

2007இல் ஜேம்ஸ் ஓல்ட்ரொய்ட் என்ற ஆய்வாளர், இன்சைட்சேல்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தின் தரவை எடுத்து ஆராய்ந்தார். 30 நிமிடம் கழித்து அழைப்பதோடு ஒப்பிட்டால், 5 நிமிடத்துக்குள் அழைக்கும்போது லீட் "தகுதியானது" என்று தேறும் வாய்ப்பு 21 மடங்கு என்பது அந்த ஆய்வின் கணக்கு. 2011 மார்ச்சில் அவரும் கிறிஸ்டினா மெக்கெல்ஹெரன், டேவிட் எல்கிங்டன் ஆகியோரும் ஹாவர்ட் பிஸ்னஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது. அதன்படி, ஒரு மணி நேரத்துக்குள் முயன்ற நிறுவனங்கள், அதற்கு அடுத்த மணி நேரத்தில் முயன்றவற்றைவிட ஏறக்குறைய 7 மடங்கு அதிகமாக லீட்டைத் தேற்றின.

இந்த எண்களைக் கொழும்புக்கு அப்படியே கொண்டுவருவதற்கு முன் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இங்கே அளக்கப்பட்டது விற்பனை இல்லை. தேறுவது என்பதற்கு 2011 கட்டுரை வைத்த பொருள், முடிவெடுக்கும் ஆளோடு அர்த்தமுள்ள உரையாடல் நடந்தது என்பது. அதாவது நமது பட்டியலில் மூன்றாவது படி. நான்காவது படியைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது, இது நடந்ததைப் பார்த்து எழுதிய கணக்கு. யாரை உடனே அழைப்பது, யாரைத் தள்ளிப்போடுவது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கவில்லை. அழைக்கும் அலுவலர்களும் அவர்களுடைய மென்பொருளும்தான் தீர்மானித்தார்கள். உடனே அழைக்கப்பட்டவர்கள் முதலிலேயே நல்ல லீட்டுகளாக இருந்திருக்கலாம். கட்டுரை வெளிவந்தபோது எல்கிங்டன் அந்த மென்பொருள் நிறுவனத்தின் தலைவராக இருந்தார் என்பதையும் வாசகர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வேகமாக அழைக்க உதவும் பொருளை விற்பவர், வேகம் முக்கியம் என்ற எண்ணைப் பரப்புகிறார், அவ்வளவுதான்.

ஆகவே கேள்வியை இப்படி வைத்துக்கொள்வோம்: நமது லீட்டுகளில், அதே மாதிரியான ஆளைச் சீக்கிரம் அழைத்தால் என்ன வித்தியாசம் வருகிறது?

## இரண்டு பட்டியல்களை இணைப்பது

காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கணக்கியல் கல்வி நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும் விளம்பரம் போடுகிறார்கள். லீட்டுகள் இணையத்தளத்திலிருந்தும் பேஸ்புக்கிலிருந்தும் வருகின்றன. அழைப்புகள் ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் வழியாகப் போகின்றன. அது ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு நிரை எழுதும்: அழைத்த நேரம் `calldate`, அழைக்கப்பட்ட எண் `dst`, முடிவு `disposition`, பேசிய விநாடிகள் `billsec`.

இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக இருப்பது தொலைபேசி எண் மட்டுமே. அந்த எண்ணோ ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு வடிவத்தில் கிடக்கும். படிவத்தில் `+94 77 123 4567`, அழைப்புப் பதிவில் `0771234567`, வெளி இணைப்புக்கு 9 அழுத்தும் அலுவலகத்தில் `90771234567`. எக்செல்லில் ஒருமுறை திறந்து சேமித்தாலோ முன்னால் உள்ள பூச்சியம் காணாமல் போய்விடும். எண்ணில் இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கடைசி 9 இலக்கங்களை ஒப்பிட்டால் இந்த நான்கும் ஒன்றாகிவிடும். கையடக்கத் தொலைபேசிக்கும் 011 நிலையான இணைப்புக்கும் இது பொருந்தும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு மாமா தன் எண்ணைக் கொடுத்துத் தம்பிக்காக விசாரித்திருந்தால், அந்த எண்ணை மட்டும் முழுதாக ஒப்பிட வேண்டும்.

எண்களைச் சுத்தப்படுத்தி, அழைப்பு நேரத்தை `call_time` என்று பெயர் மாற்றியபின் இணைப்பு இவ்வளவுதான்:

```sql
SELECT l.lead_id, l.source, l.lead_time,
       MIN(c.call_time) AS first_try,
       EXTRACT(EPOCH FROM MIN(c.call_time) - l.lead_time)/60
         AS wait_min,
       COUNT(c.call_time) AS tries,
       MAX(CASE WHEN c.billsec >= 30 THEN 1 ELSE 0 END)
         AS reached
FROM leads l
LEFT JOIN calls c
  ON RIGHT(c.dst, 9) = RIGHT(l.phone, 9)
 AND c.call_time >= l.lead_time
 AND c.call_time <  l.lead_time + INTERVAL '14 days'
GROUP BY l.lead_id, l.source, l.lead_time;
```

`LEFT JOIN` என்று இருப்பது முக்கியம். வெறும் `JOIN` போட்டால், ஒருமுறைகூட அழைக்கப்படாத லீட்டுகள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். மிக மோசமாகக் கவனிக்கப்பட்டவர்களே கணக்கிலிருந்து போய்விட்டால், தாமதத்தின் விலை குறைவாகத் தெரியும்.

பேசியதாகக் கொள்ள ஏன் 30 விநாடி? `disposition` நிரலில் `ANSWERED` என்று இருந்தாலே மனிதர் பேசினார் என்று நம்ப முடியாது. குரல் அஞ்சல் எடுத்திருக்கலாம். "பிறகு எடுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கலாம். 30 என்பது பொது விதியும் அல்ல. 10 முதல் 40 விநாடி வரை நீடித்த அழைப்புகளில் ஒரு இருபதின் ஒலிப்பதிவைக் கேட்டால், உங்கள் அலுவலகத்தில் உண்மைப் பேச்சு எந்த விநாடியிலிருந்து தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

### ஐந்தரை மணி நேரப் பிழை

இணைப்பில் அதிக சேதம் செய்வது நேர வலயம். பேஸ்புக்கின் தரவு இடைமுகம் லீட் நேரத்தை `2024-05-10T09:19:14+0000` என்று உலகப் பொது நேரத்தில் தருகிறது. கொழும்பு நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. ஆஸ்டெரிஸ்க் வழக்கமாக எழுதுவது சேர்வரின் உள்ளூர் நேரம். கடைசி `+0000`ஐக் கவனிக்காமல் விட்டால், பிற்பகல் 2.49க்கு வந்த லீட் காலை 9.19க்கு வந்ததாகிவிடும். 2.53க்கு, அதாவது நாலே நிமிடத்தில் அழைத்த அலுவலர், 334 நிமிடம் தூங்கியவராகக் கணக்கில் நிற்பார்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. காத்திருப்பு நிமிடங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். பேஸ்புக் லீட் ஒன்றுகூட 330 நிமிடத்துக்குள் அழைக்கப்படவில்லை, 330க்கு மேலே திடீரென்று கூட்டம் என்றால், அது சோம்பல் அல்ல, நேர வலயம்.

எதிர்ப்பக்கப் பிழை இன்னும் ஆபத்தானது. அழைப்புகள் உலகப் பொது நேரத்திலும் லீட்டுகள் கொழும்பு நேரத்திலும் இருந்தால், லீட் வருவதற்கு முன்பே அழைத்ததாக ஆகிவிடும். மேலே உள்ள `>=` நிபந்தனை அந்த அழைப்புகளைத் தள்ளிவிடும். மிக வேகமாக அழைக்கப்பட்ட லீட்டுகளே, அழைக்கப்படாதவை போல, அல்லது மறுநாள் இரண்டாம் முயற்சியில்தான் அழைக்கப்பட்டவை போலத் தோன்றும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே முதன்முறை இணைக்கும்போது அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, மறை எண்கள் எத்தனை, அவை -330ஐ ஒட்டிக் குவிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அதைத் திரும்பப் போட வேண்டும். நேரத்தை மாற்றும்போது கையால் 5.30ஐக் கூட்டாமல் `AT TIME ZONE 'Asia/Colombo'` என்று எழுதுவது பாதுகாப்பு.

### பதிவில் இல்லாத அழைப்புகள்

ஒருமுறைகூட அழைக்கப்படாததாகத் தெரியும் லீட்டுகளை எடுத்து, அவற்றில் எத்தனை பேர் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. பத்துப் பதினைந்து இருந்தால், அலுவலர்கள் தங்கள் சொந்தக் கைத்தொலைபேசியில், பெரும்பாலும் வட்ஸ்அப்பில், பேசுகிறார்கள் என்று அர்த்தம். அல்லது அந்த மாணவர்களே அலுவலகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். உள்வரும் அழைப்பில் அவர்களுடைய எண் `dst` நிரலில் இருக்காது, `src` நிரலில் இருக்கும். தாங்களாகவே அழைத்தவர்கள் ஏலவே சேரும் எண்ணத்தோடு இருப்பவர்கள். அவர்களைத் தனிக் குழுவாக்கி வைக்காவிட்டால், எந்தக் குழுவில் விழுகிறார்களோ அந்தக் குழு சும்மா உயர்ந்துவிடும்.

## எந்த அழைப்பிலிருந்து நேரத்தை எண்ணுவது

காத்திருப்பை முதல் தொடர்பு வரை எண்ணலாமே என்று தோன்றும். வாடிக்கையாளருக்கு உண்மையில் குரல் கேட்டது அப்போதுதானே? ஆனால் அப்படி எண்ணினால் கணக்கு வளைந்துவிடும்.

இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 4ஆம் நிமிடத்தில் அழைப்புப் போகிறது. ஒருவர் எடுக்கிறார். மற்றவர் எடுக்கவில்லை, மூன்று நாள் கழித்து நாலாவது முயற்சியில் எடுக்கிறார். முதல் தொடர்பை வைத்து எண்ணினால் முதலாமவர் 4 நிமிடக் குழுவில், இரண்டாமவர் மூன்று நாள் குழுவில். இரண்டாமவர் சேரவில்லை என்றால், தாமதத்தால் சேரவில்லை என்று அட்டவணை சொல்லும். உண்மையில் நிலையம் தாமதிக்கவே இல்லை. எடுக்க விரும்பாததும் சேர விரும்பாததும் அந்த ஆளின் ஒரே மனநிலையின் இரண்டு வெளிப்பாடுகள்.

நிலையத்தின் கையில் இருப்பது முதல் முயற்சியின் நேரம் மட்டுமே. ஆகவே குழு பிரிப்பது அதை வைத்துத்தான். தொடர்பும் சேர்க்கையும் அதன்பின் வரும் விளைவுகள்.

இதோடு இன்னொரு விதி. சேர்க்கை உடனே நடப்பதில்லை. வீட்டில் பேச வேண்டும், கட்டணம் புரட்ட வேண்டும். ஆகவே லீட் வந்து 30 நாளுக்குள் சேர்ந்தாரா என்று எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்து, 30 நாள் நிரம்பாத லீட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் விட வேண்டும். இல்லாவிட்டால், கடைசி இரண்டு கிழமையில் வேகத்தைக் கூட்டிய நிலையம், "வேகம் கூடக் கூடச் சேர்க்கை குறைகிறது" என்ற முடிவுக்கு வந்து நிற்கும்.

## ஒரு கணக்கு: 3.5 மடங்கு எப்படி 1.3 மடங்கானது

கீழே வருபவை கணக்கின் போக்கை விளக்கப் போட்ட எண்கள். அலுவலக நேரத்தில் வந்த லீட்டுகளில், 10 நிமிடத்துக்குள் அழைக்கப்பட்டவை 200. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதித்து அழைக்கப்பட்டவை 400. நடுவில் உள்ளவற்றை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

வேகக் குழுவில் 28 பேர் சேர்ந்தார்கள்: 14 சதவீதம். தாமதக் குழுவில் 16 பேர்: 4 சதவீதம். 3.5 மடங்கு வித்தியாசம். பெரும்பாலான அலுவலக அறிக்கைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

இப்போது ஒரு கேள்வி: 200 பேரும் 400 பேரும் ஒரே மாதிரியானவர்களா? இல்லை. இணையத்தளத்துக்கு வந்து, கட்டணத்தைப் படித்து, தன் எண்ணைத் தானே தட்டச்சு செய்தவர் ஒரு வகை. பேஸ்புக்கில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது, எண் ஏற்கெனவே நிரப்பப்பட்ட படிவத்தில் ஒரு தட்டுத் தட்டியவர் இன்னொரு வகை. அலுவலர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இணையத்தள லீட் வந்தால் கையில் உள்ளதை விட்டுவிட்டு அழைக்கிறார்கள். பேஸ்புக் லீட்டுகளைச் சேர்த்து வைத்து மாலையில் அழைக்கிறார்கள். அவர்கள் செய்வது புத்திசாலித்தனமான வேலைதான், ஆனால் அது அட்டவணையைக் குழப்பிவிடுகிறது. மூலத்தைப் பிரித்தால் இப்படி:

| மூலம் | குழு | லீட் | தொடர்பு | சேர்க்கை |
|---|---|---|---|---|
| இணையத்தளம் | வேகம் | 150 | 114 | 26 |
| இணையத்தளம் | தாமதம் | 50 | 32 | 7 |
| பேஸ்புக் | வேகம் | 50 | 26 | 2 |
| பேஸ்புக் | தாமதம் | 350 | 128 | 9 |

இணையத்தள லீட்டுகளுக்குள் மட்டும் பார்த்தால் 17.3 சதவீதத்துக்கு எதிராக 14. பேஸ்புக் லீட்டுகளுக்குள் 4 சதவீதத்துக்கு எதிராக 2.6. இரண்டிலும் வேகம் முன்னால் நிற்கிறது. ஆனால் 3.5 மடங்கு எங்கேயும் இல்லை.

ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால், 600 லீட்டும் (இணையத்தளம் 200, பேஸ்புக் 400) வேகமாக அழைக்கப்பட்டிருந்தால் எத்தனை என்று கேட்கலாம். 200இல் 17.3 சதவீதமும் 400இல் 4 சதவீதமும் சேர்ந்து ஏறத்தாழ 51 பேர். எல்லாமே தாமதமாகியிருந்தால் ஏறத்தாழ 38 பேர். வித்தியாசம் 1.3 மடங்கு. மீதியெல்லாம் வேகத்தின் விளைவு அல்ல, அலுவலர்கள் நல்ல லீட்டை முதலில் பொறுக்கியதன் விளைவு.

சரி, அந்த 13 பேர் எந்தப் படியில் கிடைத்தார்கள்? அட்டவணையில் எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தெரிவது இந்த இடம். தொடர்பு கிடைத்தவர்களில் சேர்ந்தவர்களின் வீதத்தைப் பாருங்கள். இணையத்தளம்: வேகத்தில் 114இல் 26, 22.8 சதவீதம். தாமதத்தில் 32இல் 7, 21.9 சதவீதம். பேஸ்புக்: 7.7, 7.0. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தொடர்பு கிடைத்த வீதம் அப்படியல்ல. இணையத்தளத்தில் 76க்கு எதிராக 64. பேஸ்புக்கில் 52க்கு எதிராக 37.

அதாவது இந்த நிலையத்தில் வேகம் யாரையும் கூடுதலாக இணங்க வைக்கவில்லை. கூடுதல் பேரை எடுக்க மட்டும் வைத்தது. படிவம் அனுப்பிச் சில நிமிடமே ஆனவர் கையில் தொலைபேசியோடு இருக்கிறார், தெரியாத 011 எண் ஏன் வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும். மாலையில் அவர் பஸ்ஸில் நிற்கிறார், அல்லது அந்த எண்ணைக் கடன் விற்பவரின் எண் என்று நினைக்கிறார்.

இதைப் பிரித்தறிவது வெறும் கணக்கு ஆசை அல்ல. விளைவு தொடர்புப் படியில் இருந்தால், அதைப் பெற வேகத்தைத் தவிர வேறு வழிகளும் உண்டு: மூன்று முறை வெவ்வேறு நேரத்தில் முயல்வது, அழைக்கும் முன் "நீங்கள் கேட்ட கணக்கியல் பாடநெறி பற்றி இந்த எண்ணிலிருந்து அழைக்கிறோம்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது. விளைவு இணங்கும் படியில் இருந்தால், உதாரணமாக முதலில் பேசிய நிலையத்திலேயே மாணவர் சேர்ந்துவிடும் போட்டி இருந்தால், இவை உதவாது. அங்கே வேகம் மட்டுமே வழி. உங்கள் தரவில் எது என்பதை இந்த இரண்டு வீதங்களும் காட்டும்.

இதோடு `tries` நிரலையும் குழுவாரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகக் குழுவுக்கு மூன்று முயற்சி, தாமதக் குழுவுக்கு ஒன்று என்று இருந்தால், நீங்கள் அளப்பது வேகத்தையும் விடாமுயற்சியையும் சேர்த்துத்தான்.

## இரவில் வந்தவை, போயா அன்று வந்தவை

இரவு 10.40க்கு வந்த லீட்டைக் காலை 8.35க்கு அழைத்தால் காத்திருப்பு 595 நிமிடம். அலுவலகம் 8.30க்குத் திறக்கிறதென்றால், அலுவலக நேரப்படி 5 நிமிடம். எது சரி? இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில். அலுவலரின் வேலையை மதிப்பிட அலுவலக நேரம். வாடிக்கையாளர் அனுபவித்த தாமதத்துக்குச் சுவர்க் கடிகாரம்.

இரண்டையும் ஒரே நிரலில் கலந்தால் தாமதக் குழு முழுக்க இரவு லீட்டுகளால் நிரம்பிவிடும். இரவில் விசாரிப்பவர்களோ பகலில் வேலைக்குப் போகிறவர்கள், வேறு வகை ஆட்கள். மாதந்தோறும் வரும் போயாவும் வெசாக்கின் இரண்டு நாளும் இதேபோலக் குவியல்களை உருவாக்கும். விடுமுறை நாட்களைத் தனி அட்டவணையாக வைத்து, முதல் ஆய்வை அலுவலக நேரத்தில் வந்த லீட்டுகளுக்குள் மட்டும் செய்வதே நல்லது. சராசரியைவிட இடையம் இங்கே நம்பத்தக்கது. வெசாக்குக்கு முந்திய மாலை வந்த நாலு லீட்டே ஒரு மாதச் சராசரியைப் பெரிதாக இழுத்துவிடும்.

## பொறுக்கலை நீக்கும் இரண்டு வழிகள்

மூலத்தைப் பிரித்தாலும் எல்லாப் பொறுக்கலும் போய்விடாது. அலுவலர் பெயரைப் பார்த்து, ஊரைப் பார்த்து, "விரைவில் சேர வேண்டும்" என்று எழுதியதைப் பார்த்தும் முதலில் அழைப்பார். அதோடு மேலே உள்ள அட்டவணையில் பேஸ்புக் வேகக் குழுவின் சேர்க்கை வெறும் 2. ஒருவர் கூடியிருந்தால் 6 சதவீதம், குறைந்திருந்தால் 2. அந்த நிரையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

1. தானாக அமைந்த ஒப்பீடு. லீட் வந்த அந்த விநாடியில் எல்லா அலுவலர்களும் அழைப்பில் இருந்தார்களா, அல்லது ஒருவராவது ஓய்வாக இருந்தாரா? அழைப்புப் பதிவில் தொடங்கிய நேரமும் நீளமும் இருப்பதால் இதைக் கணக்கிடலாம். ஒரே மணி நேரத்தில், ஒரே மூலத்திலிருந்து வந்த இரண்டு லீட்டில், ஒன்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது விழுந்ததால் தாமதித்தது. அந்தத் தாமதத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

2. எழுமாறாகப் பிரிப்பது. சொந்த அமைப்பு தரும் லீட் வரிசை எண் ஒற்றையானால் வரிசையின் தலையில், இரட்டையானால் வழக்கமான இடத்தில். அலுவலருக்கு எது எதுவென்று தெரிய வேண்டியதில்லை. ஒப்பிடும்போது உண்மையில் எத்தனை நிமிடத்தில் அழைத்தார்கள் என்று பிரிக்காமல், எந்தக் குழுவுக்கு ஒதுக்கப்பட்டதோ அதை வைத்தே ஒப்பிட வேண்டும். நிமிடத்தை வைத்துப் பிரித்தால் பொறுக்கல் பின்கதவால் திரும்ப வந்துவிடும்.

எத்தனை லீட் வேண்டும்? இங்கேதான் தொடர்பைத் தனியாக அளந்ததன் பலன் கிடைக்கிறது. நமது எடுத்துக்காட்டில் மூலங்களைச் சமப்படுத்தினால் தொடர்பு வீதம் 60க்கு எதிராக 46. இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பை வழக்கமான 5 சதவீதத்துக்குள் வைத்து, 80 சதவீத நிகழ்தகவோடு இந்த வித்தியாசத்தைக் காண, ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 200 லீட் போதும். ஆனால் சேர்க்கை வீதம் 8.4க்கு எதிராக 6.4. அதே உறுதியோடு இதைக் காண ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 2,700 வேண்டும். மாதம் 300 லீட் வரும் நிலையத்துக்கு முதலாவது ஆறு கிழமை வேலை, இரண்டாவது ஒன்றரை ஆண்டு. ஆகவே சிறிய நிலையம் ஒன்று தொடர்பு வீதத்தைச் சோதனையில் அளந்து, தொடர்பிலிருந்து சேர்க்கைக்குப் போகும் வீதத்தைப் பழைய பதிவிலிருந்து எடுத்துப் பெருக்கிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த வழி. வேகம் அந்த இரண்டாவது வீதத்தைப் பெரிதாக அசைக்கவில்லை என்று தன் தரவில் பார்த்தபிறகு மட்டும்.

இணைத்து முடிந்ததும் ஆய்வுக்கோப்பில் பெயரும் தொலைபேசி எண்ணும் தேவைப்படாது. இணைப்புக்குப் பின் அவற்றை நீக்கி வரிசை எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில், பகிரப்படும் எக்செல் கோப்பில் மாணவர்களின் எண்கள் சும்மா கிடக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

## இலக்கு வைத்தபின் மாறும் பதிவு

கடைசியாக ஒன்று, இது தரவைவிட ஆட்களைப் பற்றியது. காத்திருப்பு நிமிடம் மாதாந்த மதிப்பீட்டில் சேர்ந்த நாளிலிருந்து அந்த நிரல் வேறு ஒன்றை அளக்கத் தொடங்கும். ஒரு மணி அடித்து வைத்துவிட்டால் முதல் முயற்சி பதிவாகிவிடும், கடிகாரம் நின்றுவிடும். எட்டு லீட் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது இலக்கைக் காப்பாற்ற இதுவே மிக எளிய வழி. அப்படிச் செய்யும் அலுவலரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. இலக்கு அவரிடம் கேட்டது அதைத்தான்.

அடையாளங்கள் பதிவிலேயே இருக்கும். 5 நிமிடத்துக்குள் நடந்த முதல் முயற்சிகளில் `billsec` பூச்சியமாக உள்ளவற்றின் பங்கு இலக்குக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று பாருங்கள். மணி அடித்த நேரத்தையும் காண `duration` நிரல் உதவும். எடுக்கப்படாத அழைப்பில் அது 20, 25 விநாடியாக இருந்தால் முழுதாக மணி அடிக்க விட்டிருக்கிறார்கள். 4, 5 விநாடியாகக் குவிந்தால் கடிகாரத்தை நிறுத்த மட்டும் அழைத்திருக்கிறார்கள். குறைந்தது 20 விநாடி மணி அடித்த அழைப்பை மட்டுமே முதல் முயற்சியாக எண்ணுவது என்று வரையறையை மாற்றினால், எடுக்கப்பட்ட அழைப்புகளுக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டு, பழைய மாதங்களையும் அதே வரையறையில் மீண்டும் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் வரையறை மாறிய மாதத்தில் அலுவலகம் திடீரென்று மெதுவாகிவிட்டதுபோல வரைபடம் காட்டும்.